இரட்டையரைப் பார்த்து ஆளும் குழம்புவது ஏன், போனும் ஏமாறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் அண்ணனும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். அவன் எனக்கு ஆறு நிமிடம் மூத்தவன். சிறுவயதில் எங்களிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நீ பெரியவனா, சின்னவனா?” இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: “உன் போனை அவன் திறந்துவிடுவானா?” இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது என்பது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது. அடிக்கடி வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் நண்பனின் போனை அவனுடைய இரட்டைச் சகோதரன் முகம் காட்டியே திறந்துவிட்டான். போன் பழுதா?

பழுதில்லை. கற்றுக்கொண்ட வேலையைத்தான் அது செய்திருக்கிறது. உரிமையாளர் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தாலும், முடி வெட்டிக்கொண்டு வந்தாலும், மூக்குக்கண்ணாடி போட்டாலும், நான்கு நாள் தாடியோடு நின்றாலும் ‘இது அவர்தான்’ என்று போன் சொல்லியாக வேண்டும். அதற்காக, முகத்தில் நாளுக்கு நாள் மாறுவதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மாறாமல் நிற்பதை மட்டும் பிடித்துக்கொள்ள அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

மாறாமல் நிற்பது எது? கண்களுக்கு நடுவில் உள்ள தூரம், மூக்குத்தண்டின் உயரம், கன்ன எலும்பு, தாடையின் வளைவு. இரட்டையர் ஒத்துப்போவது இவற்றில்தான். அவர்களைப் பிரித்துக் காட்டுவது ஒரு மச்சம், புருவத்தில் ஒரு தழும்பு, கன்னத்தில் கொஞ்சம் கூடுதல் சதை. போன் ‘இதை எல்லாம் பொருட்படுத்தாதே’ என்று கற்றுக்கொண்டதும் இவற்றைத்தான். இரட்டையர் விஷயத்தில் மட்டும் அந்தப் பாடம் எதிராகத் திரும்பிவிடுகிறது.

நம் மூளையும் சிறுவயதிலிருந்து இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. அதனால்தான் ஆளும் போனும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இரட்டையர் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டா?

இல்லை. தனித்தனியாக இரண்டு கருமுட்டைகள் கருவுற்றுப் பிறப்பவர்கள் சாதாரண அண்ணன் தம்பி, அக்கா தங்கை அளவுக்குத்தான் ஒத்திருப்பார்கள். கருவுற்ற ஒரே முட்டை முதல் சில நாட்களில் இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று நான்கு என்ற கணக்கில் இப்படிப்பட்ட ஜோடிகள் பிறக்கிறார்கள். உரித்து வைத்தது போல இருக்கும் சாதாரண உடன்பிறப்புகளுக்கும் போன் சில நேரம் திறந்துவிடும். ஆனால் அது குறைவு.

டிஎன்ஏ ஒன்றுதானே? அப்படியென்றால் முகமும் அச்சு அசலாக ஒன்றேதானே?

ஏறக்குறைய ஒன்று. முழுக்க ஒன்று அல்ல. டிஎன்ஏகூட நூறு சதவீதம் ஒன்றாக இருப்பதில்லை. ஐஸ்லாந்தில் செய்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு கரு இரட்டையருக்கு நடுவே, கரு வளரத் தொடங்கிய ஆரம்ப கட்டத்திலேயே ஏற்பட்ட டிஎன்ஏ மாற்றங்கள் சராசரியாக 5.2 இருப்பது தெரிந்தது. முகத்தின் அமைப்பை மாற்ற அது போதாது. வெளியே தெரியும் வித்தியாசங்கள் பெரும்பாலும் வேறு வழியில் வருகின்றன: கருப்பையில் கிடைத்த இடம், சத்து, பிறகு உடல் எடை, வெயில், பல், காயம், தூக்கம்.

எங்களையே பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் இடது புருவத்தின் வால் பகுதியில் அரை அங்குல நீளத்துக்கு முடி முளைக்காது. ஏழு வயதில் விழுந்து தையல் போட்ட இடம் அது. அண்ணனுக்கு வலது காதுக்குக் கீழே, தாடை தொடங்கும் இடத்தில், மிளகு அளவு மச்சம். அவன் சிரித்தால் வாய் லேசாக வலப்பக்கம் ஏறும், எனக்கு இடப்பக்கம். அவ்வளவுதான். ஐந்து அடி தள்ளி நிற்பவருக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. அவனுக்குத் தாடி வளர்ந்தால் அந்த மச்சமும் மறைந்துவிடும்.

பல வருடமாகப் பழகிய இரட்டையரின் பெயரையே மாற்றி மாற்றிச் சொல்கிறேன். எனக்கு ஞாபக சக்தி குறைவா?

பயப்பட வேண்டாம். உங்கள் நினைவு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஒரு முகத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்வதற்குள் மூளை மூன்று படிகளைத் தாண்டுகிறது. முதலில், இது தெரிந்த முகம் என்ற உணர்வு. அடுத்து, இவர் யார், எங்கே பழக்கம், என்ன வேலை என்ற விவரம். கடைசியில்தான் பெயர். விக்கி புரூஸ், ஆண்டி யங் என்ற இரு உளவியலாளர்கள் 1986இல் முன்வைத்த விளக்கம் இது. பெயர் ஏன் கடைசியில் வருகிறது, ஏன் ‘நாக்கு நுனியில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது’ என்று தவிக்கிறோம் என்பதற்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இரட்டையரிடம் இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் சிக்கல். முகம் தெரிந்த முகம்தான், ஆனால் இருவருக்கும் பொருந்தும். விவரமும் அப்படியே: அதே வீடு, அதே பெற்றோர், பல நேரம் அதே பள்ளி, அதே நண்பர்கள். கடைசிப் படிக்கு வரும்போது ஒரே தூண்டுதலில் இரண்டு பெயர்களும் சேர்ந்து எழுகின்றன. எது முந்திக்கொண்டதோ அது வாயில் வந்துவிடுகிறது. ஒரு கொக்கியில் இரண்டு சாவிகளை மாட்டி வைத்துவிட்டு, இருட்டில் சரியான சாவியை எடு என்றால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. பெயர்களும் ராமு, சோமு என்று எதுகையோடு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூளை முகத்தைப் பதிவு செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மச்சத்தையும் அளவையும் அது பட்டியல் போட்டு வைப்பதில்லை. கண், மூக்கு, வாய் சேர்ந்து தரும் மொத்தத் தோற்றத்தையும், பொதுவான ஒரு சராசரி முகத்திலிருந்து இது எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும்தான் பிடித்துக்கொள்கிறது. உலகத்தில் உள்ள மற்ற அத்தனை பேரையும் பிரித்தறிய அது தாராளமாகப் போதும். இரட்டையர் இருவரும் சராசரியிலிருந்து ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருப்பார்கள். ஆகவே மூளையின் கணக்கில் இருவரும் ஒரே புள்ளியில் வந்து நிற்கிறார்கள்.

அப்படியென்றால் அம்மா மட்டும் எப்படித் தவறாமல் கண்டுபிடிக்கிறார்?

அம்மாவுக்கு எங்கள் முகம் ஆயிரக்கணக்கான நிலைகளில் பழக்கம். அழும்போது, தூங்கும்போது, காய்ச்சலில், பின்னாலிருந்து, பாதி இருட்டில். ஒரு முகத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது என்றால், அது எப்படி எல்லாம் மாறும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது என்று அர்த்தம்.

இதைக் காட்டும் சோதனை ஒன்று பிரிட்டனில் நடந்தது. 2011இல் ராப் ஜென்கின்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 40 புகைப்படங்களைக் கொடுத்து, ஒவ்வொரு ஆளின் படங்களையும் தனித்தனிக் குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். படங்களில் இருந்தவர்கள் மொத்தமே இரண்டு பேர், ஆளுக்கு 20 படம். அந்த முகங்களைத் தெரியாதவர்கள் நடுமதிப்பாக ஏழரைக் குவியல் போட்டார்கள். இருவரின் படங்களை ஏழெட்டுப் பேருடையவை என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைத் தெரிந்தவர்களோ சிரமமில்லாமல் இரண்டு குவியலாகப் பிரித்தார்கள். தெரியாதவரின் முகம் ஒவ்வொரு படத்திலும் வேறு ஆள் போலத் தோன்றும் அளவுக்கு மாறுகிறது. அப்படியிருக்க, இரட்டையருக்கு நடுவில் உள்ள சின்ன வித்தியாசத்தைப் புதிதாகப் பார்ப்பவர் எப்படிப் பிடிப்பார்?

அம்மா முகத்தை மட்டும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. நடை, குரல், கதவைத் திறக்கும் வேகம் எல்லாம் கணக்கில் சேரும். எங்கள் இரண்டு வயதுப் படத்தைக் கையில் கொடுத்தால் அவரும் திணறுகிறார். படத்தில் நடையும் இல்லை, குரலும் இல்லை. அப்புறம், எங்களை நன்றாகத் தெரிந்தும் அவசரத்தில் அண்ணன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். அது பெயரை எடுக்கும் படியில் நேரும் தடுமாற்றம். ஆளைப் பார்ப்பதில் குழப்பம் இல்லை.

இரட்டையருக்கே தங்கள் முகம் இப்படித்தான் என்பதைப் பலர் நம்புவதில்லை. பொதுவாக, மற்றவர் முகத்தைவிடத் தன் முகத்தை எவரும் வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். இத்தாலியில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு கரு இரட்டையருக்குத் தன் முகத்துக்கும் உடன்பிறந்தவரின் முகத்துக்கும் நடுவே அந்தச் சலுகை இல்லை என்று தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. பழைய குரூப் போட்டோவில் நான் எது என்று சட்டை நிறத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

போன் முகத்தைப் படமாகத்தானே பார்க்கிறது? மச்சம், தழும்பு எல்லாம் அதில் தெரியாதா?

தெரியும். ஆனால் படத்தோடு படத்தை வைத்து அது ஒப்பிடுவதில்லை. விலை குறைந்த பல போன்களில் முன்பக்கக் கேமரா எடுக்கும் சாதாரணப் படம்தான் மூலப்பொருள். 2017இல் ஐபோன் எக்ஸ் உடன் வந்த ஃபேஸ் ஐடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் 30,000க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின் மேல் வீசி, மேடு பள்ளத்தையும் அளக்கிறது. எந்த வகையாக இருந்தாலும் அடுத்த கட்டம் ஒன்றுதான்: அந்தப் படத்தை, உதாரணங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் என்ற கணினி நிரல் வாங்கி, ஒரு எண் வரிசையாகச் சுருக்கிவிடும். 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற முறையில் ஒரு முகம் வெறும் 128 எண்களாகச் சுருங்கியது.

எந்த 128 எண்கள் என்பதை யாரும் கையால் எழுதிக் கொடுக்கவில்லை. வலைப்பின்னலுக்கு மூன்று மூன்று படமாகக் காட்டுவார்கள்: ஒருவரின் இரண்டு படங்கள், வேறொருவரின் ஒரு படம். முதல் இரண்டின் எண்கள் நெருங்க வேண்டும், மூன்றாவது தள்ளிப்போக வேண்டும். லட்சக்கணக்கான முறை இப்படித் திருத்தித் திருத்தி அது கற்றுக்கொள்கிறது. ஒரே ஆளின் படங்களில் ஒன்றில் பரு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் மச்சம் நிழலில் மறையும், இன்னொன்றில் தெரியும். ‘சரி, இதற்கெல்லாம் மதிப்புக் கொடுக்கக் கூடாது’ என்று வலைப்பின்னல் முடிவு கட்டிவிடுகிறது. அந்த ‘வேறொருவர்’ அவருடைய இரட்டைப் பிறவியாக இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆகவே மச்சத்தை வைத்து ஆளைப் பிரிக்க வேண்டிய கட்டாயம் அதற்குப் பெரும்பாலும் வருவதே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்கிறேன். நான் பதிவு செய்த முகத்துக்கும், இன்று காலை காட்டிய முகத்துக்கும் உள்ள தூரம் 0.2 என்று வருகிறது. இரவில், களைத்துப்போய், கண்ணாடியோடு காட்டினால் 0.45. முன்பின் தெரியாத ஒருவர் காட்டினால் 1.3. என்னை என் போன் களைத்த இரவிலும் உள்ளே விட வேண்டும் என்றால், வரம்பை 0.5 என்று வைக்கலாம். 0.5க்கும் 1.3க்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதால் வெளியார் நுழைய வழியில்லை. இப்போது என் அண்ணன் காட்டுகிறான். 0.42 என்று வருகிறது. களைத்துப்போன நானே எனக்கு எவ்வளவு தூரமோ, அதைவிட அவன் எனக்குப் பக்கத்தில் இருக்கிறான். போன் திறக்கிறது.

பத்து லட்சத்தில் ஒருவரால்தான் திறக்க முடியும் என்று சொன்னார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அது எதைப் பற்றிய எண் என்று பார்க்க வேண்டும். வழியில் போகிற யாரோ ஒருவர் உங்கள் போனை எடுத்து முகம் காட்டினால் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதுதான் ஆப்பிள் சொல்வது. உங்களைப் போலவே இருக்கும் இரட்டையருக்கும் உடன்பிறப்புகளுக்கும், 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்பு வேறு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் முக அடையாளங்கள் முழுதாக உருவாகியிருக்காது என்பது காரணம்.

ஆண்ட்ராய்டிலும் கதை இதேதான். அங்கே முகம், கைரேகை போன்றவற்றை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். மிக வலுவான வகுப்பில் சேர, 50,000 முறையில் ஒரு முறைக்கு மேல் தவறாக ஏற்கக் கூடாது. அந்த 50,000 என்பதும் தற்செயலாக எதிர்ப்படும் ஆட்களை நினைத்துப் போட்ட கணக்கு. உங்களோடு ஒரே கருவிலிருந்து வந்தவர் தற்செயலாக எதிர்ப்படும் ஆள் கிடையாது.

முதலில் தம்பி முகத்துக்குத் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து எப்போது காட்டினாலும் திறக்கிறது. என்ன ஆயிற்று?

எனக்கும் இதேதான் நடந்தது. புதுப் போன் வாங்கிய அன்று நானும் அண்ணனும் உட்கார்ந்து சோதித்தோம். பத்து முறை அவன் முகம் காட்டினான். இரண்டு முறை திறந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். என் பின் நம்பர் அவனுக்குத் தெரியும். நான் குளிக்கும்போது யாராவது அழைத்தால் அவன்தான் என் போனை எடுத்துப் பார்ப்பான். போன் முதலில் அவன் முகத்தைப் பார்க்கும், மறுக்கும், அவன் உடனே பின் நம்பர் போடுவான். மூன்றாவது வாரத்தில் கவனித்தேன், அவன் நம்பர் போடுவதே இல்லை. எடுக்கிறான், திறக்கிறது.

உரிமையாளரின் முகம் மெல்ல மாறுவதைப் பின்தொடர்வதற்காகப் போன்களில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முகம் பொருந்தவில்லை, ஆனால் கிட்டத்தட்டப் பொருந்தியது, அடுத்த நொடியே சரியான பின் நம்பரும் வந்தது என்றால், ‘ஓ, இது நம் ஆள்தான், தாடி வளர்த்திருக்கிறார் போல’ என்று எடுத்துக்கொண்டு, அந்தப் புது முகத்தையும் தன் பதிவோடு சேர்த்துக்கொள்கிறது. சம்பந்தமில்லாத ஒருவருக்கு நம்பரைக் கொடுத்தால் இது நடக்காது, அவர் முகம் கிட்டத்தட்டப் பொருந்தும் எல்லைக்குள்கூட வராது. இரட்டையர் அந்த எல்லைக்குள் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறார். நம்பரையும் சரியாகப் போடுகிறார். பதிவு கொஞ்சம் கொஞ்சமாக இருவருக்கும் பொதுவானதாகிவிடுகிறது.

உங்கள் போனில் இது நடந்திருக்கிறதா என்று அறிய, பதிவை அழிப்பதற்கு முன்னும் பின்னும் சோதித்துப் பாருங்கள். உடன்பிறந்தவரைப் பத்து முறை முகம் காட்டச் சொல்லி, எத்தனை முறை திறந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முகப் பதிவை முழுவதுமாக அழித்து, உங்கள் முகத்தை மட்டும் புதிதாகப் பதிந்து, திரும்பவும் பத்து முறை. எங்களுக்கு முதல் தடவை பத்துக்குப் பத்து. அழித்துப் பதிந்த பிறகு பத்துக்கு மூன்று. இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சில முறை தவறினால், என் போனில் ஐந்து முறை, பின் நம்பர் கேட்கும். அப்போது போனை வாங்கி உங்கள் முகத்துக்கு நேரே பிடித்து நீங்களே நம்பரைப் போடுங்கள். அவர் முகம் கேமராவுக்கு எதிரே இருக்கும்போது போட்டால், சோதனையே அவருக்குப் பாடமாகிவிடும்.

கேமராவை இன்னும் கூர்மையாக்கி, வரம்பையும் இறுக்கிவிட்டால் தீர்ந்தது அல்லவா?

மேலே போட்ட கணக்குக்கே திரும்பிப் போவோம். அண்ணனை வெளியே நிறுத்த வரம்பை 0.4க்கு இறக்கினால், இரவில் 0.45 காட்டும் நானும் வெளியேதான் நிற்பேன். தினமும் நாலு முறை மறுக்கும் பூட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? இரண்டாம் நாளே அணைத்துவிடுவார்கள். ஆயிரம் பேரில் சிலருக்காக மற்ற எல்லோரையும் அந்தப் பாடு படுத்த எந்த நிறுவனமும் முன்வராது. அதில் நியாயமும் இருக்கிறது.

நிஜமான சிக்கல் கூர்மையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்று ஒரு ஊர். அங்கே 1976 முதல் இரட்டையர் விழா நடக்கிறது. நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இலும் 2010இலும் அங்கே போய்ப் படம் எடுத்தார்கள். ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், சிரிக்காமல் எடுத்த படங்கள் என்றால் நல்ல மென்பொருள்கள் இரட்டையரை ஓரளவு நன்றாகவே பிரித்தன. வெளிச்சமும் முகபாவமும் மாறினால் தடுமாறின. ஒரு வருட இடைவெளியில் எடுத்த படங்கள் என்றால் இன்னும் மோசம். அந்த ஒரு வருடத்தில் ஒரு ஆள் தன்னிடமிருந்தே விலகும் தூரம், தன் இரட்டையரிடமிருந்து விலகியிருக்கும் தூரத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது. போன் பூட்டு ஒரு நாளுக்கானது இல்லை, வருடக்கணக்கில் வேலை செய்ய வேண்டும்.

2022இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் இரட்டையருக்கென்றே தனியாகச் சோதனை நடத்தி அறிக்கை வெளியிட்டது. வழக்கமான வரம்பை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலான மென்பொருள்களுக்கு ஒரு கரு இரட்டையர் ஒரே ஆளாகவே தெரிந்தார்கள்.

கைரேகை வைத்தால் தப்பிக்கலாமா?

தப்பிக்கலாம். கைரேகையின் பொது வடிவம், அதாவது சுழியா வளையமா என்பது, இரட்டையரிடம் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆனால் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பதைத்தான் கருவி பார்க்கிறது. அந்த இடங்கள் கருவின் மூன்றாம் நான்காம் மாதங்களில், விரல் நுனி வளரும் வேகம், அதன் மேல் படும் அழுத்தம் என்று சின்னச் சின்னத் தற்செயல்களால் அமைகின்றன. ஆளுக்கு ஆள் வேறாகத்தான் இருக்கும்.

கண்ணின் கருவிழியும் அப்படியே. உங்கள் இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே டிஎன்ஏவில் உருவானவைதான். ஆனாலும் அவற்றின் நுண்ணிய இழையமைப்பு வேறு. இரட்டையருக்கு நடுவேயும் அதே அளவு வேறுபாடு உண்டு.

சரி, இரட்டையராகப் பிறந்தவர் போனில் என்னதான் செய்ய வேண்டும்?

இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. எங்களுக்குள் ஒளிவு மறைவு இல்லை, அதனால் திரையைத் திறக்க முகம் போதும் என்று விட்டிருக்கிறேன். ஆனால் பணம் போகும் செயலிகள் ஒவ்வொன்றிலும் முகத்தை நீக்கிவிட்டுத் தனிப் பின் நம்பர் வைத்திருக்கிறேன். அது போன் திறக்கும் நம்பரும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை. எங்கள் இருவருக்கும் பிறந்த தேதி ஒன்றுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எத்தனையோ இரட்டையர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உடன்பிறந்தவரோடு உறவு சரியில்லை என்றால் முகத்தை வைக்கவே வைக்காதீர்கள். கைரேகை, அது இல்லாவிட்டால் ஆறு இலக்க நம்பர். நம்பரைப் பகிர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றி, அப்புறம் முகப் பதிவை அழியுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், பழைய நம்பர் கையில் இருப்பவர் பதிவைத் திரும்பவும் தன் பக்கம் இழுத்துவிடலாம். ‘மாற்றுத் தோற்றம்’ என்று இன்னொரு முகம் சேர்க்கும் வசதி இருக்கும் போன்களில், அதில் வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

போனை விடுங்கள். நான் அவர்களைச் சரியான பெயரில் கூப்பிட ஒரு வழி சொல்லுங்கள்.

உடையையும் முடியையும் நம்பாதீர்கள். அடுத்த வாரமே மாறிவிடும். மாறாத ஒரே ஒரு குறியைத் தேர்ந்தெடுங்கள், அதையும் ஒருவரிடம் மட்டும். ‘காதுக்குக் கீழே மச்சம் என்றால் பெரியவன்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். இருவருக்கும் ஆளுக்கொரு குறி என்று வைத்தால், எந்தக் குறி யாருக்கு என்பதே அடுத்த குழப்பமாகிவிடும். குறியைக் கண்டுபிடிக்க இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நேரம்தான் சரி. தனித்தனியாகப் பார்க்கும்போது எதை ஒப்பிடுவது என்றே தெரியாது.

கொஞ்சம் நேரமும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டர் டேமில் இரட்டையர் படங்களை மனிதர்களிடம் காட்டிய சோதனையில், இரண்டே விநாடி கொடுத்தபோது நிறையத் தவறினார்கள். நிதானமாகப் பார்க்க விட்டபோது தேறினார்கள், அன்றைய மென்பொருள்களையும் முந்தினார்கள். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் மச்சம், தழும்பு என்றுதான் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லாத ஜோடிகளிடம் அவர்களும் தடுமாறினார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். என் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரு வருடம் முழுக்க எங்கள் இருவரையும் “தம்பி” என்றே கூப்பிட்டுச் சமாளித்தார். இன்னொருவர் தினமும் காலையில் “டேய், இன்னைக்கு நீ யாரு?” என்று கேட்டார். ஒரு மாதம் கேட்டிருப்பார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. வகுப்புக்குள் நுழையும்போது என் இடது புருவத்தை ஒரு பார்வை பார்ப்பார், பெயரைச் சொல்வார்.